கலந்து கிடந்த 16 வரிகள், நேராக நின்ற 20 விலைகள்: ஒரு மெனு கார்டை அடுக்கிய விதம்

சிறிய உணவகம் ஒன்றின் மெனு கார்டை அச்சுக்குத் தயார் செய்த வேலை இது. உரிமையாளர் கைபேசியில் குறிப்பாக எழுதி வைத்திருந்ததை அப்படியே அனுப்பினார். புது ஐட்டம் சேரும்போதெல்லாம் கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொண்டே வந்திருந்தார். அவர் கேட்டது மூன்று: பிரிவு பிரிவாக இருக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சின்ன விளக்கம் வேண்டும், விலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். எல்லாம் ஒரே பக்கத்தில் அடங்க வேண்டும்.

வந்த வரிகள் இவை. எந்த நாணயம் என்பது இந்த வேலைக்கு முக்கியமில்லை என்பதால் எண்களை மட்டும் தருகிறேன்.

```
தக்காளி சூப் 90
சிக்கன் நூடுல்ஸ் - 180 முட்டை நூடுல்ஸ் 150
காபி 40, டீ 30
காளான் சூப் கெட்டியாக இருக்கும் 110
ஃபிரைடு ரைஸ் (காய்கறி/முட்டை/சிக்கன்) 140/160/190
பழ சாலட்
வறுத்த மீன் அரை 220 முழு 400
மீன் வறுவல் எலுமிச்சையுடன் 240
ஐஸ்கிரீம் 2 ஸ்கூப் 80
எலுமிச்சை ஜூஸ்..........50
சிக்கன் சூப் 120
சீஸ் ஆம்லெட் 95 வெங்காயம் வேண்டாம் என்றால் சொல்லவும்
உருளைக்கிழங்கு ஃபிரை 100 (மயோனஸ் +20)
பழ சாலட் ஐஸ்கிரீமுடன் 130
ஆம்லெட் 70
பார்சலுக்கு 10 கூடுதல்
```

இப்படி ஒரு பட்டியல் வந்ததும் கை தானாக எழுத்துருவைத் தேடும், தலைப்புக்கு நிறம் கொடுக்கத் தோன்றும். அதைத் தள்ளிப் போட வேண்டும். இரண்டாம் வரியைப் பாருங்கள். ஒரே வரியில் இரண்டு உணவும் இரண்டு விலையும் இருக்கின்றன. அதை அப்படியே வைத்துக்கொண்டு எந்த மென்பொருளாலும் விலையை நேராக்க முடியாது. விலைகள் ஒழுங்காக நிற்பது பக்கத்தை வடிவமைக்கும்போது நடப்பதில்லை, அதற்கு முன்பே, ஒரு விலைக்கு ஒரு வரி என்று பிரித்து முடிக்கும்போதே நடந்துவிடுகிறது. இந்த வேலையில் பாதிக்கு மேல் நேரம் போனதும் அந்தப் பிரிப்பில்தான்.

முதலில் எண்ணிக்கை

வந்த வரிகளின் நகல் ஒன்றைத் தொடாமல் தனியாக வைத்தேன். பிறகு அதிலுள்ள எண்களை எண்ணினேன். மொத்தம் 22 எண்கள். அவற்றில் ஐஸ்கிரீம் வரியிலுள்ள 2 விலை அல்ல, அளவு. மயோனஸுக்கான 20, பார்சலுக்கான 10 ஆகிய இரண்டும் கூடுதல் கட்டணம். மீதம் 19 எண்கள்தான் உணவின் விலை. அவற்றின் கூட்டுத்தொகை 2595. இந்த இரண்டு எண்களையும், அதாவது 19, 2595 என்பதை, நகலின் மேலேயே எழுதி வைத்தேன். கடைசிச் சரிபார்ப்பு முழுக்க இதை வைத்துத்தான் நடந்தது.

விலையைப் பெயரிலிருந்து பிரிக்க எழுத்துத் திருத்தியில் ஒரு தேடல் விதி போதும் என்று பலர் நினைப்பார்கள். வரியின் கடைசியில் உள்ள எண்ணை எடுத்து, அதன் முன்னால் ஒரு டேப் போடும் விதி இது:

```
Find:    [ .\-]*(\d+) *$
Replace: \t$1
```

எலுமிச்சை ஜூஸ் வரியில் கையால் தட்டிய புள்ளிகளையும் இது சேர்த்து நீக்கிவிடும். நல்ல விதிதான். ஆனால் இந்த 16 வரிகளில் அது எட்டில் மட்டுமே சரியாக வேலை செய்யும். நான்கு வரிகள் எண்ணில் முடியவில்லை, அவற்றை அது தொடாது. அதனால் கெடுதல் இல்லை, கண்ணுக்குத் தெரியும். சிக்கல் மீதி நான்கில் இருக்கிறது. இரண்டாம் வரியில் ‘சிக்கன் நூடுல்ஸ் - 180 முட்டை நூடுல்ஸ்’ என்பது முழுவதும் ஒரே உணவின் பெயராகி, 150 அதன் விலையாகிவிடும். பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருப்பது போலவே இருக்கும். காபி, டீ வரியிலும், ஃபிரைடு ரைஸிலும், அரை, முழு மீனிலும் இதே கதைதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, விதியை ஓட்டிய பிறகு பெயர்ப் பகுதியில் எங்காவது எண் மிச்சம் இருக்கிறதா என்று தேடுவது. எண் மிச்சமிருக்கும் ஒவ்வொரு வரியையும் கையால் பார்க்க வேண்டும். இங்கே எட்டு வரிகள் அகப்பட்டன. அவற்றில் ‘2 ஸ்கூப்’ மட்டும் உரிய இடத்தில் இருந்தது, மற்ற ஏழையும் பிரிக்க வேண்டியிருந்தது. இருநூறு வரி கொண்ட மெனுவாக இருந்தால் இந்த விதி உதவும். பதினாறு வரிக்குக் கையால் பிரிப்பதே வேகம்.

விரிதாளில் ஆறு பத்திகள் போட்டேன்: மூல வரி எண், பிரிவு, பெயர், வகை, விளக்கம், விலை. ‘வகை’ என்ற பத்திதான் இங்கே முக்கியமானது. ஃபிரைடு ரைஸ் என்பது பெயர். காய்கறி, முட்டை, சிக்கன் என்பவை வகை. மீனில் அரை, முழு என்பவை வகை. இந்தப் பத்தி இல்லாவிட்டால் வகையைப் பெயரோடு ஒட்டி எழுத நேரும். அப்புறம் ஒரே உணவு மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். மூல வரி எண்ணைத் தனியே வைத்ததற்குக் காரணம் உண்டு. பிரிவு வாரியாக வரிசையை மாற்றிய பிறகும், எந்த விலை எந்த வரியிலிருந்து வந்தது என்று ஒரு நொடியில் பார்த்துவிடலாம். வரிசை மாற்றும்போது எல்லாப் பத்திகளையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். விலைப் பத்தி மட்டும் தனியே நகர்ந்துவிட்டால் பக்கம் அழகாகவே இருக்கும், விலைகள் மட்டும் ஆள் மாறியிருக்கும்.

உரிமையாளரிடம் கேட்டவை

பிரித்து முடித்ததும் பதில் தெரியாத இடங்கள் தானாக மேலே வந்தன. பழ சாலட்டுக்கு விலை இல்லை. வறுத்த மீனும் மீன் வறுவலும் ஒன்றா வேறா என்று தெரியவில்லை. வெங்காயம் பற்றிய குறிப்பு சீஸ் ஆம்லெட்டுக்கு மட்டுமா, சாதா ஆம்லெட்டுக்குமா? பார்சல் கட்டணம் ஒவ்வொரு உணவுக்கா, மொத்த ஆர்டருக்கா?

மீன் கேள்வி எச்சரிக்கையாகக் கேட்க வேண்டியது. ஒரே பொருளை உணர்த்தும் இரண்டு பெயர், இரண்டு விலை. பழைய விலை அழிக்கப்படாமல் நின்றுவிட்டது என்று யாருக்கும் தோன்றும், ஒன்றை நீக்கிவிடவும் தோன்றும். கேட்டபோது உரிமையாளர் சொன்னார்: “முதலாவது முழு மீனாகவே வறுப்பது, பாதியாகவும் தருவோம். இரண்டாவது முள் எடுத்த துண்டுகள். இரண்டும் வேறு வேறு, ரெண்டையும் போடுங்கள்.” ஆக நீக்க வேண்டியது எதுவும் இல்லை, பெயரைத்தான் மாற்ற வேண்டும். மேஜையில் உட்கார்ந்து மெனுவைப் பார்க்கிறவருக்கும் இதே குழப்பம்தானே வரும். அதனால் இரண்டாவது ‘மீன் துண்டு வறுவல்’ ஆனது.

பழ சாலட்டின் விலை 90 என்றார். இப்போது விலைகள் 20, கூட்டுத்தொகை 2685. பார்சல் கட்டணம் ஒவ்வொரு உணவுக்கும் தனித்தனி. வெங்காயக் குறிப்பு இரண்டு ஆம்லெட்டுக்கும் பொருந்தும்.

கேள்விகளை ஒன்றொன்றாக அனுப்பாமல், வரி எண்ணோடு ஒரே பட்டியலாக அனுப்புவது நல்லது. சமையலறையில் நிற்கிறவருக்கு நடுநடுவே பதில் சொல்ல நேரம் இருக்காது. அவசரத்தில் சொல்லும் பதில் தவறாகவும் இருக்கலாம்.

பிரிவுகள்

உணவை இரண்டு விதமாகப் பிரிக்கலாம். எதனால் செய்தது என்று பார்த்து சிக்கன், முட்டை, மீன் எனப் பிரிப்பது ஒன்று. சாப்பாட்டில் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து சூப், சிற்றுண்டி, இனிப்பு எனப் பிரிப்பது இன்னொன்று. இரண்டையும் ஒரே மெனுவில் கலந்தால் சிக்கன் சூப் சூப்பிலா சிக்கனிலா என்ற கேள்வி வரும். சாப்பிட வந்தவர் ஒரு பிரிவில் தேடுவார், உணவு இன்னொரு பிரிவில் இருக்கும். அவர் அது இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

நான் இரண்டாவது முறையை எடுத்தேன்: சூப், சிற்றுண்டி, மீன், ரைஸ் மற்றும் நூடுல்ஸ், இனிப்பு, குடிக்க. ‘மீன்’ மட்டும் விதிக்கு வெளியே நிற்கிறது என்பது உண்மைதான். ஆனால் இந்த மெனுவில் வேறு எந்தப் பிரிவிலும் மீன் சேர்ந்த உணவு இல்லை. அதனால் ஒரு உணவுக்கு இரண்டு வீடு என்ற நிலை வரவில்லை. நாளை மீன் சூப் ஒன்று சேர்ந்தால் இந்தப் பிரிவின் பெயரை மாற்ற வேண்டிவரும். அதையும் உரிமையாளரிடம் சொல்லி வைத்தேன்.

ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் வரிசை வேண்டும். விலை ஏறுமுகமாக அடுக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் விலை மாறும் போதெல்லாம் வரிசையும் மாறும். சாதாவை முதலில் வைத்து, அதோடு ஒன்று சேர்த்ததை அடுத்து வைத்தேன்: ஆம்லெட், பிறகு சீஸ் ஆம்லெட். உரிமையாளரின் குறிப்பில் சீஸ் ஆம்லெட் பன்னிரண்டாம் வரி, ஆம்லெட் பதினைந்தாம் வரி. அவர் நினைவுக்கு வந்த வரிசை அது, படிக்கிறவருக்கு உதவாது.

விளக்கம் எழுதும்போது

பெயர் ஏற்கெனவே சொன்னதை விளக்கம் திரும்பச் சொல்லக் கூடாது. ‘தக்காளி சூப்: தக்காளியால் செய்த சுவையான சூப்’ என்பதில் ஒரு செய்தியும் இல்லை. சாப்பிட வந்தவர் பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு என்ன கேட்பாரோ, அதற்குப் பதிலாக விளக்கம் இருக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, எப்படிச் சமைத்தது, கூட என்ன வரும். ‘ருசியான’, ‘ஸ்பெஷல்’, ‘ஃபிரெஷ்’ போன்ற சொற்கள் எல்லா உணவுக்கும் பொருந்துவதால் எந்த உணவைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. அவற்றை நான் சேர்க்கவே மாட்டேன்.

இன்னொன்று, விளக்கத்தை நாமாகக் கற்பனை செய்து எழுதக் கூடாது. இந்த மெனுவில் அதற்கு நல்ல உதாரணம் கிடைத்தது. காளான் சூப் என்றதும் ‘காளான், பால், மிளகு’ என்று எழுதிவிடலாம் போலத் தோன்றும். கேட்டபோதுதான் தெரிந்தது, அந்த சூப்பை அவர்கள் சிக்கன் வேகவைத்த நீரில் செய்கிறார்கள். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர் பெயரைப் பார்த்து நம்பி ஆர்டர் செய்திருப்பார். ஆகவே ‘சிக்கன் வேகவைத்த நீரில், கிரீம் சேர்த்து’ என்பதே அதன் விளக்கம் ஆனது. உரிமையாளர் எழுதிய ‘கெட்டியாக இருக்கும்’ என்பதைக் ‘கிரீம்’ என்ற சொல்லே சொல்லிவிடுகிறது. மயோனஸில் முட்டை இருக்கிறது என்பதும் இதே வகை. பால், முட்டை, மீன், நிலக்கடலை, கொட்டை வகைகள், கோதுமை, சோயா, எள் ஆகியவை சிலருக்கு ஒவ்வாமை தருபவை. பெயரைப் பார்த்தால் தெரியாத இடத்தில் இவை இருந்தால், விளக்கத்தில் முதலில் இடம் பெற வேண்டியவை இவைதான். ருசியைப் பற்றிய சொல் அதற்குப் பிறகு, இடம் இருந்தால்.

நீளத்தைப் பக்கமே முடிவு செய்தது. பக்கத்தை இரண்டு பத்தியாகப் பிரித்ததில் ஒரு பத்தியின் அகலம் 80 மில்லிமீட்டர், அதில் விலைக்காக 15 விட்டால் விளக்கத்துக்கு 65 கிடைக்கும். 10 புள்ளி எழுத்தளவில் அதில் ஐந்து தமிழ்ச் சொற்கள்தான் வசதியாக உட்காரும். ஆகவே எல்லா விளக்கமும் ஒரு வரி, அதற்கு மேல் இல்லை என்று வைத்துக்கொண்டேன். காபிக்கும் டீக்கும் விளக்கம் எழுதவில்லை. உரிமையாளர் எல்லாவற்றுக்கும் கேட்டிருந்தார்தான். ஆனால் ‘குடிக்க’ பிரிவு முழுவதையும் விளக்கம் இல்லாமல் விட்டால் அது ஒரு முடிவு போலத் தெரியும். ஒரு பிரிவுக்குள் ஒன்றுக்கு மட்டும் இல்லாமல் போனால்தான் விடுபட்டது போலத் தெரியும் என்று சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

இரண்டு விலை உள்ள உணவுகள்

அரை, முழு என்று இரண்டு விலை வரும்போது பொதுவாகச் செய்வது, பிரிவின் தலையில் ‘அரை’, ‘முழு’ என்று இரண்டு பத்தி போடுவது. பிரிவில் உள்ள எல்லா உணவுக்கும் இரண்டு அளவு இருந்தால் அது மிகச் சரி. இங்கே மீன் பிரிவில் இருப்பதே இரண்டு உணவு, அதில் ஒன்றுக்குத்தான் அரை உண்டு. இரண்டு பத்தி போட்டால் மீன் துண்டு வறுவலுக்கு ஒரு இடம் காலியாக நிற்கும். 240 என்பதை அரையின் கீழ் வைப்பதா முழுவின் கீழ் வைப்பதா? எங்கே வைத்தாலும் பொய்யாகும்.

‘220 / 400’ என்று சாய்கோடு போட்டு ஒரே இடத்தில் எழுதினால் வலது ஓரம் நேராக நிற்கும், ஆனால் 220 என்ற எண் மற்ற விலைகளின் கோட்டிலிருந்து இடப்பக்கம் தள்ளி நிற்கும். மூன்று விலை கொண்ட ஃபிரைடு ரைஸில் இது இன்னும் மோசமாகும். பெயருக்கும் விலைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியே போய்விடும்.

ஆகவே ஒன்றுக்கு மேல் விலை உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பை வைத்தேன். பெயர் வரியில் விலை இல்லை. அதன் கீழ் விளக்கம். அதன் கீழ், கொஞ்சம் உள்தள்ளி, ஒவ்வொரு வகைக்கும் ஒரு வரி, ஒரு விலை. ஃபிரைடு ரைஸ், நூடுல்ஸ், வறுத்த மீன், பழ சாலட் நான்கும் இப்படியே வந்தன. நூடுல்ஸை உரிமையாளர் இரண்டு தனி உணவாக எழுதியிருந்தார். ஃபிரைடு ரைஸுக்குப் பக்கத்திலேயே அது வருவதால், இரண்டும் ஒரே வடிவில் இருந்தால்தான் கண் பழகும் என்று அதையும் சேர்த்துக் கட்டினேன்.

மயோனஸின் 20 மட்டும் விலைக் கோட்டுக்கு வரவே இல்லை, விளக்கத்துக்குள் போனது. வலது ஓரத்தில் நிற்கும் எந்த எண்ணையும் படிக்கிறவர் ஒரு உணவின் விலையாகவே எடுத்துக்கொள்வார். கூடுதல் கட்டணத்தை அந்தக் கோட்டில் நிறுத்தினால் இருபதுக்கு ஏதோ கிடைக்கிறது என்று தோன்றும். பார்சல் குறிப்பு பக்கத்தின் அடியில் ஒரு வரி ஆனது. நாணயக் குறியீட்டையும் வரிக்கு வரி போடாமல் அந்த அடிக்குறிப்பிலேயே ஒரு முறை சொன்னேன்.

இரண்டு பிரிவுகள் முடிவில் இப்படி வந்தன:

| சிற்றுண்டி | |
|:---|---:|
| ஆம்லெட் | 70 |
| 2 முட்டை, வெங்காயம், பச்சை மிளகாய் | |
| சீஸ் ஆம்லெட் | 95 |
| 2 முட்டை, வெங்காயம், உருகிய சீஸ் | |
| உருளைக்கிழங்கு ஃபிரை | 100 |
| முட்டை சேர்ந்த மயோனஸுடன் 20 கூடுதல் | |
| *ஆம்லெட் வெங்காயம் இல்லாமலும் கிடைக்கும்* | |

| மீன் | |
|:---|---:|
| வறுத்த மீன் | |
| முழு மீன், முள்ளுடன் | |
| அரை | 220 |
| முழு | 400 |
| மீன் துண்டு வறுவல் | 240 |
| முள் எடுத்தது, எலுமிச்சையுடன் | |

விலையை நேராக நிறுத்துவது

பெயருக்கும் விலைக்கும் நடுவே இடைவெளிப் பட்டையைத் தட்டித் தட்டி விலையை நகர்த்துவது இன்னும் பலரிடம் இருக்கும் பழக்கம். அது ஒருபோதும் நேராக வராது. தமிழ் எழுத்துகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அகலம். ‘ர’ குறுகலானது, ‘ணை’ அகலமானது. இடைவெளியோ எப்போதும் ஒரே அகலம். ஆகவே எத்தனை முறை தட்டினாலும் ஒவ்வொரு வரியிலும் கொஞ்சம் முன்னே பின்னே நிற்கும். திரையில் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும், எழுத்துருவை மாற்றினால் மொத்தமும் கலையும்.

செய்ய வேண்டியது வலது டேப். `Paragraph` அமைப்பில் 80 மில்லிமீட்டரில் ஒரே ஒரு டேப் நிறுத்தம், அதன் வகை வலது. பெயரை எழுதி ஒரே ஒரு முறை டேப் விசையைத் தட்டி விலையை எழுதினால், எண்ணின் கடைசி இலக்கம் அந்தக் கோட்டில் போய் நிற்கும். 70, 95, 100 என்று இலக்க எண்ணிக்கை மாறினாலும் ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து வரும். இந்த மெனுவில் எல்லாம் முழு எண்கள் என்பதால் வலது டேப் போதும். ஒரு விலையிலாவது புள்ளிக்குப் பின் இலக்கம் இருந்தால் எல்லா விலையையும் இரண்டு தசம இலக்கத்தோடு எழுத வேண்டும், அல்லது தசம டேப் வைக்க வேண்டும்.

இந்த அமைப்பை வரிக்கு வரி செய்யாமல் ஸ்டைலாகச் சேமித்தேன்: பிரிவுத் தலைப்புக்கு ஒன்று, பெயர் வரிக்கு ஒன்று, விளக்கத்துக்கு ஒன்று, வகை வரிக்கு ஒன்று. பெயர் 12 புள்ளி, விளக்கம் 10. விளக்க ஸ்டைலில் வலது ஓரம் 15 மில்லிமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும், அதனால் எந்த விளக்கமும் விலைக் கோட்டுக்குள் நுழையாது. தலைப்புக்கும் பெயருக்கும் `Keep with next` போட்டேன். அது இல்லாவிட்டால் தலைப்பு ஒரு பத்தியின் அடியிலும் உணவு அடுத்த பத்தியின் தலையிலும் பிரிந்து நிற்க வாய்ப்புண்டு. வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.4 மடங்கு வைத்தேன். தமிழில் மேலே ‘ீ’ யின் சுழியும் கீழே ‘ூ’ வின் வாலும் நீள்வதால் நெருக்கமான வரிகளில் அவை ஒன்றை ஒன்று தொட்டுவிடும்.

எண்களின் வடிவத்தையும் பார்க்க வேண்டும். சில எழுத்துருக்களில் 1 குறுகலாகவும் மற்ற இலக்கங்கள் அகலமாகவும் இருக்கும். வலது ஓரம் நேராக நின்றாலும் உள்ளே இலக்கங்கள் ஒன்றன் கீழ் ஒன்று வராது. ஜார்ஜியா போன்றவற்றில் 3, 4, 5, 7, 9 எல்லாம் கோட்டுக்குக் கீழே இறங்கும். வாக்கியத்துக்கு நடுவே அழகு, விலைப்பட்டியலுக்கு ஆகாது. வேர்டில் எழுத்துரு அமைப்பின் `Advanced` பகுதியில் `Number spacing` என்பதை `Tabular` என்று மாற்றினால், அந்த வசதி உள்ள எழுத்துருவில் எல்லா இலக்கமும் ஒரே அகலம் பெறும். அத்துடன், தமிழ் எழுத்துக்கும் எண்ணுக்கும் வேர்டில் தனித்தனி எழுத்துரு அமைப்பு இருப்பதால், தட்டியெழுதிய விலையும் எங்கிருந்தோ ஒட்டிய விலையும் வெவ்வேறு முகத்தில் வரலாம். ஸ்டைலில் இரண்டையும் குறிப்பிட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

பெயரையும் விலையையும் இணைக்கும் புள்ளிக்கோடு வேண்டுமா என்பது ரசனையைப் பொறுத்தது என்பார்கள். எனக்கு அது தூரத்தைப் பொறுத்தது. ‘டீ’ என்ற பெயருக்கும் 30 என்ற விலைக்கும் நடுவே 65 மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம், அடுத்த வரிகளும் நெருக்கம். கண் ஒரு வரி தவறி காபியின் விலையைப் படிக்கும். அதனால் புள்ளிக்கோடு வைத்தேன். ஆனால் கையால் புள்ளி தட்டவில்லை, டேப் நிறுத்தத்தின் `Leader` அமைப்பிலேயே வைத்தேன். டேப் குறியை மட்டும் தேர்ந்தெடுத்து வெளிர் சாம்பல் நிறம் கொடுத்தால் புள்ளிகளும் வெளிறும், பெயரும் விலையும் முன்னால் நிற்கும்.

விலைகளை ஒரே கோட்டில் நிறுத்தினால் வருகிறவர்கள் விலையை மட்டும் மேலிருந்து கீழாகப் படித்து மலிவானதைத் தேடுவார்கள், ஆகவே விலையை விளக்கத்தின் முடிவில் ஒட்டி வைக்க வேண்டும் என்று சொல்லும் வடிவமைப்பாளர்கள் உண்டு. இந்த உரிமையாளருக்கு நேர்க்கோடே வேண்டும் என்பதில் உறுதி இருந்தது. பில் போடுகிறவரும் இதே அட்டையைப் பார்த்துத்தான் போடுகிறார் என்பது அவர் சொன்ன காரணம். அது நியாயமான காரணம்.

பக்கம்

ஏ4 தாளில் இருபக்கமும் 20 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் 170 மிஞ்சும். 80, நடுவே 10, மறுபடி 80 என்று இரண்டு பத்தி. தலைப்புகள், பெயர்கள், விளக்கங்கள் எல்லாம் சேர்த்து 43 வரிகள். சூப், சிற்றுண்டி, மீன் இடப்பக்கம் 22 வரி. ரைஸ் மற்றும் நூடுல்ஸ், இனிப்பு, குடிக்க வலப்பக்கம் 21 வரி. பிரிவு எதையும் உடைக்காமல் கிட்டத்தட்டச் சமமாக வந்தது. தாளில் இடம் மீதம் இருந்தது. அதைப் பிரிவுகளுக்கு நடுவேயுள்ள இடைவெளிக்கே கொடுத்தேன், படம் எதையும் சேர்க்கவில்லை.

சரிபார்த்தது

முடிந்த கோப்பிலிருந்து விலைகளை மட்டும் நகலெடுத்து, விரிதாளின் நகல் ஒன்றில் விலைப் பத்தியில் வரிக்கு ஒன்றாக ஒட்டிக் கூட்டினேன்.

```
=SUM(F2:F21)
```

2685 வந்தது, 20 விலைகளும் இருந்தன. ஒரு விலை விடுபட்டாலோ, ஒரு இலக்கம் மாறினாலோ இந்தக் கூட்டல் காட்டிக்கொடுக்கும். ஆனால் காளான் சூப்பின் 110 சிக்கன் சூப்புக்கும், சிக்கன் சூப்பின் 120 காளான் சூப்புக்கும் இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது. அதற்கு ஒரே வழி வாய்விட்டுப் படிப்பது. உரிமையாளர் தன் பழைய குறிப்பைப் பார்த்துப் படித்தார், நான் அச்சில் ஒவ்வொன்றாக டிக் போட்டேன். புதியதைப் பார்த்து அவர் படித்தால் வேலைக்கு ஆகாது. எல்லாம் சரியாக இருப்பது போலவே காதில் விழும்.

சோதனை அச்சில் விலைக் கோட்டின் மேல் ஒரு தாளின் ஓரத்தை வைத்துப் பார்த்தேன். பழ சாலட்டின் 130 மட்டும் அடுத்த வரிக்குத் தாவி நின்றது. `Ctrl+Shift+8` அழுத்தி மறைகுறிகளைக் காட்டச் சொன்னதும் காரணம் தெரிந்தது: ஒட்டியபோது அந்த வரியில் இரண்டு டேப் வந்திருந்தது. லிப்ரே ஆஃபீஸில் இதற்கு `Ctrl+F10`. ஒன்றை அழித்ததும் விலை தன் இடத்துக்கு வந்தது. அப்புறம் கடையில் மாலை நேர வெளிச்சத்தில் அட்டையை மேஜையில் வைத்துப் படித்துப் பார்த்தோம். 10 புள்ளி விளக்கம் படிக்க முடிந்தது. சாம்பல் புள்ளிகள் மட்டும் அந்த வெளிச்சத்தில் மறைந்தே போயின, அதனால் நிறத்தை ஒரு படி கூட்டினோம்.

உரிமையாளரிடம் அச்சுக் கோப்போடு விரிதாளையும் கொடுத்தேன். விலை மாறினால் முதலில் அங்கே மாற்றி, கூட்டுத்தொகை எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்துவிட்டு, பிறகு மெனுவில் மாற்றச் சொல்லியிருக்கிறேன். புது உணவு வந்தால் கடைசியில் சேர்க்காமல், பிரிவு, பெயர், வகை, விளக்கம், விலை என்று அதற்குரிய கட்டங்களை நிரப்பி அந்தப் பிரிவின் நடுவே செருக வேண்டும். இடப்பக்கம் 22 வரி என்பது இரண்டு மூன்று உணவு கூடினாலும் தாங்கும்.